வங்கி அரிசியைப் பார்ப்பதில்லை

காவிரிப் படுகையின் ஆலை ஒன்றிலிருந்து கொழும்புக்கு அரிசி போகிறது, பணம் எல்.சி. வழியாக வருகிறது என்றால், அந்தப் பணத்தைக் கொடுக்கச் சொல்பவர் அரிசியைக் கண்ணால் காணாதவர். வங்கியில் உட்கார்ந்து இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், ஆய்வுச் சான்றிதழ் ஆகியவற்றை எல்.சி.யோடு வரி வரியாக ஒத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. பன்னாட்டு வணிகச் சபை வகுத்து 2007 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் யு.சி.பி. 600 விதிகளின் ஐந்தாம் பிரிவு, வங்கி கையாள்வது ஆவணங்களையே, சரக்கை அல்ல என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எல்.சி.யும் விற்பனை ஒப்பந்தமும் தனித்தனி என்கிறது நான்காம் பிரிவு. எனவே விற்பனை ஒப்பந்தத்தைத் தமிழாக்குபவர் ஒவ்வொரு சொல்லின் மீதும் கேட்க வேண்டிய கேள்வி, ‘இது நல்ல தமிழா’ என்பதற்கு முன்னால், ‘இந்தச் சொல்லை நாளை யார், எந்தக் காகிதத்தோடு ஒத்துப் பார்ப்பார்’ என்பதே. ஒத்துப் பார்க்கப்படும் சொல்லை ஓர் எழுத்தும் அசைக்கக் கூடாது. ஆலையில் ஒருவர் செய்து முடிக்க வேண்டிய கடமையைச் சொல்லும் வரியை மட்டும் முழுத் தமிழில், மிச்சம் வைக்காமல் விரித்தெழுத வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிவதே இந்த மொழிபெயர்ப்பின் பெரும்பகுதி என்பது என் கருத்து.

கணக்குக்காக ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வைத்துக்கொள்வோம். தஞ்சாவூர் ஆலை, கொழும்பு வாங்குநர், 500 டன் புழுங்கல் அரிசி, 25 கிலோ மூட்டைகள், டன்னுக்கு 450 டாலர், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, பார்த்தவுடன் பணம் தரும் எல்.சி., நொய் 5 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஏற்றுமதித் துறைமுகத்து ஆய்வே முடிவானது. மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்ப் பிரதியைப் படிக்கப் போகிறவர்கள் ஆலையின் பங்குதாரர்கள், கணக்கர், மூட்டை பிடிக்கும் மேற்பார்வையாளர், கடனுக்கு நெல் கொடுத்த வியாபாரி. இவர்களில் யாரும் வங்கிக்குத் தமிழ்ப் பிரதியைக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் வங்கிக்குப் போகும் ஒவ்வொரு ஆங்கிலக் காகிதமும் இவர்கள் செய்த வேலையிலிருந்துதான் பிறக்கிறது.

முதல் சிக்கல் சரக்கின் பெயரிலேயே வருகிறது. டெல்டாவில் சம்பா என்றால் ஆடி, ஆவணியில் தொடங்கித் தையில் அறுக்கும் பருவம். குறுவை, சம்பா, தாளடி என்ற வரிசையில் ஒன்று. அந்தப் பருவத்தில் நீள அரிசியும் விளையும், நடுத்தர அரிசியும் விளையும். இலங்கையில் சம்பா என்றால் குட்டையான, உருண்டையான அரிசி வகை. நாட்டரிசி, சம்பா, கீரிச் சம்பா என்று அங்கே கடைக்காரர் பிரித்து விலை சொல்கிறார். இரண்டு பக்கமும் தமிழ் தெரிந்தவர்கள் என்பதே இங்கே ஆபத்தாகிறது. அறியாத சொல்லாக இருந்திருந்தால் இருவரும் கேட்டிருப்பார்கள். ‘சம்பா புழுங்கல், புது அறுவடை’ என்று தமிழ்ப் பிரதியில் அழகாக எழுதிவிட்டால் ஆலைக்காரர் தன் தை அறுவடையை நினைப்பார், கொழும்புக்காரர் உருண்டை அரிசியை நினைப்பார். இருவரும் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போடுவார்கள். இந்த இடத்தில் வகையின் பெயரோடு அரிசியின் சராசரி நீளத்தை மில்லிமீட்டரில் எழுதச் சொல்லிக் கேட்பதும் மொழிபெயர்ப்பாளரின் வேலைதான்.

வணிகர்களுக்குத் தெரிந்தது வங்கிக்கும் தெரியும் என்று நம்பியவர்கள் நம் கரையோரச் சரக்கிலேயே அடிபட்டிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து டென்மார்க்கின் ஆர்ஹுஸ் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்ட நிலக்கடலைக்கு லண்டனில் ஒரு எல்.சி. திறக்கப்பட்டது. எல்.சி.யில் சரக்கின் பெயர் கோரமண்டல் நிலக்கடலை. இன்வாய்ஸ் அப்படியே சொன்னது. பில் ஆஃப் லேடிங்கிலோ, இயந்திரத்தில் ஓடு உடைத்த நிலக்கடலைப் பருப்பு என்று இருந்தது. கடலை வியாபாரத்தில் இரண்டும் ஒன்றே என்பதற்கு நீதிமன்றத்தில் சாட்சியமும் வந்தது. ஆனாலும் ஹாம்ப்ரோஸ் வங்கி பணம் தர மறுத்தது சரியே என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1943ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் ரெய்னர் வழக்கு என்று அது இருக்கிறது. ஆயிரம் சரக்குக்கு எல்.சி. திறக்கும் வங்கி ஒவ்வொரு சந்தையின் வழக்குச் சொல்லையும் அறிந்திருக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அது பழைய காலத்துக் கண்டிப்பு, யு.சி.பி. 600 அதைத் தளர்த்திவிட்டது என்பார்கள். உண்மைதான். பதினான்காம் பிரிவின்படி ஆவணங்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடி போல இருக்க வேண்டியதில்லை, முரண்படாமல் இருந்தால் போதும். இன்வாய்ஸ் தவிர்த்த ஆவணங்களில் சரக்கைப் பொதுச் சொல்லாலும் குறிக்கலாம். ஆனால் பதினெட்டாம் பிரிவு இன்வாய்ஸுக்கு எந்தத் தளர்வும் தரவில்லை. அதில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்தியே ஆக வேண்டும். இன்வாய்ஸைத் தட்டச்சு செய்பவர் ஆலைக் கணக்கர். தமிழ்ப் பிரதியில் ஓரிடத்தில் ‘புழுங்கல் அரிசி’, இன்னோரிடத்தில் ‘வேகவைத்த அரிசி’, மூன்றாவது இடத்தில் ‘வெள்ளை அரிசி’ என்று மாற்றி மாற்றி எழுதியிருந்தால், அவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது மூன்று சரக்குகள் ஆகிவிடும். திரும்பச் சொல்வது சலிப்பூட்டும் என்று பள்ளியில் கற்ற நடை இங்கே உதவாது. சரக்கின் பெயரை மூல ஆங்கிலம் எப்படி உச்சரிக்கிறதோ அப்படியே தமிழ் எழுத்தில் ஒருமுறை தந்து, பக்கத்தில் புழுங்கல் என்று விளக்கி, பிறகு கடைசிவரை அந்த ஒரே சொல்லில் நிற்பதே வழி.

புழுங்கலுக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு வெறும் நடைச் சிக்கலும் இல்லை. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை ஒன்றிய அரசு தடை செய்தது. புழுங்கல் அரிசி தடையில் சேரவில்லை. தீட்டிய புழுங்கல் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியலாம், சுங்கத்துக்கு அது வேறு சரக்கு. ஆகஸ்ட் 25 அன்று அந்தப் புழுங்கலுக்கும் 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. நம் மாதிரி ஒப்பந்தம் அப்போது கையில் இருந்ததாகக் கொண்டால், 2,25,000 டாலர் மதிப்பில் வரி 45,000 டாலர். அதை யார் கட்டுவது? எஃப்.ஓ.பி. என்ற மூன்று எழுத்துக்குள் பதில் இருக்கிறது. ஏற்றுமதிச் சுங்க நடைமுறையும் அதன் வரியும் விற்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் தனியாக வேறு ஏற்பாடு எழுதாத ஆலை அந்தத் தொகையைத் தானே ஏற்க வேண்டும். எஃப்.ஓ.பி. என்பதைத் தமிழில் ‘கப்பல் சரக்கு விலை’ என்று சுருக்கமாக மொழிபெயர்த்துவிட்டால் பங்குதாரருக்கு அது ஒரு விலைப் பெயராக மட்டுமே தெரியும், கடமைகளின் கட்டு என்பது தெரியாது. அந்த வரி அறிவிப்பு வந்தபோது ஏற்கெனவே துறைமுகத்தில் இருந்து, ஆகஸ்ட் 25க்கு முந்தைய செல்லுபடியாகும் எல்.சி.யும் உள்ள சரக்குக்கு விலக்கு கிடைத்தது. எல்.சி. எந்தத் தேதிக்குள் திறக்கப்பட வேண்டும் என்ற ஒற்றை வரிக்கு அன்று எவ்வளவு எடை இருந்தது என்பதை இதிலிருந்து பார்க்கலாம். வரி 2024 அக்டோபரில்தான் முழுதாக நீங்கியது.

ஒப்படைப்பு நிபந்தனைகளுக்குத் தமிழ்க் கலைச்சொல் படைக்க வேண்டும் என்று வாதிடுபவர்களை நான் மதிக்கிறேன். சட்டத் தமிழும் வங்கித் தமிழும் அப்படித்தான் வளர்ந்தன. இலங்கையில் எல்.சி.யை நாணயக் கடிதம் என்கிறார்கள், கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்றவை சொற்கள் போலத் தோன்றும் விதித் தொகுப்புகள். ‘எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, இன்கோடெர்ம்ஸ் 2020’ என்ற முழு வரியும் சேர்ந்தால்தான் பொருள். இடத்தின் பெயரையோ ஆண்டையோ விட்டால் பொருள் மாறும். ஏன் ஆண்டு என்றால், முன்பு சரக்கு கப்பலின் விளிம்பைத் தாண்டியதும் நட்டப் பொறுப்பு கைமாறியது. 2010ஆம் ஆண்டுப் பதிப்பு அதைக் கைவிட்டு, கப்பலின் மேல் வைக்கப்பட்ட பிறகே கைமாறும் என்றது. ஆகவே சுருக்கெழுத்தை அப்படியே விட்டுவிட்டு, வரையறைப் பகுதியில் ஒருமுறை, ‘சரக்கு கப்பலின் மேல் வைக்கப்பட்டு முடியும்வரை இழப்பும் சேதமும் விற்பவரைச் சாரும்’ என்று கடமையைத் தமிழில் விரிப்பேன். ‘ஏற்றும் வரை’ என்று எழுத மாட்டேன். ஏற்றத் தொடங்கும்வரையா, ஏற்றி முடியும்வரையா என்று அது சொல்லாது.

சி.ஐ.எஃப். இன்னும் வழுக்கும். ‘சி.ஐ.எஃப். கொழும்பு’ என்றால் கொழும்பு வரையிலான கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் செலவு. ஆனால் நட்டப் பொறுப்பு தூத்துக்குடியில், சரக்கு கப்பலேறியதும், வாங்குபவருக்குப் போய்விடுகிறது. செலவு ஒரு துறைமுகம் வரை, பொறுப்பு இன்னொரு துறைமுகம் வரை. இதை ‘கொழும்பில் ஒப்படைப்பு’ என்று மொழிபெயர்ப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கேட்பதற்கு இயல்பாகவும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் நனைந்த மூட்டைக்கு ஆலை தானே பொறுப்பு என்று அந்த ஒரு வேற்றுமை உருபு நம்பவைத்துவிடும். செலவுக்கு ஒரு வாக்கியம், பொறுப்புக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொன்றிலும் துறைமுகத்தின் பெயர் என்று பிரித்தெழுதுவது சற்று நீளும், ஆனால் வழக்கு வராது.

பணப் பிரிவில் அளவைச் சொல்லும் சிறு சொற்களே கவனம் கேட்பவை. தமிழில் எண்ணுக்கு முன் ‘சுமார்’ போடுவது பேச்சு வழக்கம், பொருளில்லாமல்கூட வரும். எல்.சி.யில் அதற்கு இணையான ஆங்கிலச் சொல் நின்றால் முப்பதாம் பிரிவின்படி 10 சதவீதம் கூடவோ குறையவோ உரிமை வருகிறது, அதுவும் அந்தச் சொல் எதை ஒட்டி நிற்கிறதோ அதற்கு மட்டும். அளவுக்கு முன் நின்றால் தொகைக்கு அந்த உரிமை இல்லை. அந்தச் சொல்லே இல்லாமல் ‘500 டன்’ என்று மட்டும் இருந்தால் 5 சதவீதம் கூடுதல் குறைவு தானாகவே அனுமதி, 475 முதல் 525 டன் வரை அனுப்பலாம். ஆனால் கேட்கும் பணம் எல்.சி. தொகையைத் தாண்டக் கூடாது, எனவே 510 டன் அனுப்பினாலும் 2,25,000 டாலருக்கு மேல் கிடைக்காது. இதே அளவை ‘20,000 மூட்டை’ என்று எழுதிவிட்டால் அந்த 5 சதவீதமும் போய்விடும். எண்ணிக்கையில் சொன்ன பொதிக்கு அந்தச் சலுகை கிடையாது. 500 டன்னும் 25 கிலோ வீதம் 20,000 மூட்டையும் ஒன்றுதானே என்று மேற்பார்வையாளருக்குத் தோன்றும். எடைக்கு ஒன்று, வங்கிக்கு இரண்டு. ஆகவே மூலம் எந்த அலகில் சொல்கிறதோ அதே அலகில் நிற்க வேண்டும், உதவி செய்வதாக நினைத்து மாற்றிச் சொல்லக் கூடாது.

தேதிகளும் அப்படியே. யு.சி.பி.யின் மூன்றாம் பிரிவு, கப்பலேற்றும் காலத்தைக் குறிக்கும்போது எந்தச் சொல் அந்த நாளைச் சேர்க்கும், எந்தச் சொல் விலக்கும் என்று பட்டியலிட்டிருக்கிறது. தமிழில் ‘31ஆம் தேதி வரை’ என்பதைப் பெரும்பாலோர் அந்த நாளையும் சேர்த்தே படிப்பார்கள், ‘31க்குள்’ என்பதில் கருத்து பிளக்கும். ‘31ஆம் தேதியும் உட்பட’ என்று எழுதிவிட்டால் கேள்வியே எழாது. கப்பலேறிய பின் 21 நாளுக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது நாட்காட்டி நாள். வங்கி அவற்றைப் பார்க்க எடுத்துக்கொள்ளும் ஐந்து நாள் வங்கி வேலை நாள். இரண்டையும் வெறும் ‘நாள்’ என்று எழுதினால் தை மாதத்தில் வேறுபாடு சட்டென்று தெரியும், அறுவடையும் பொங்கல் விடுமுறையும் ஒன்றாக வரும் மாதம் அது. ஆவணம் தரும் கடைசி நாளில் வங்கி மூடியிருந்தால் அடுத்த வேலை நாளுக்கு நீளும். கப்பலேற்றும் கடைசி நாளோ எந்த விடுமுறைக்கும் நீளாது. இதை ஆலையில் லாரி அனுப்புபவர் அறிந்திருக்க வேண்டும், அவருக்காகத் தமிழில் இதைத் தனி வாக்கியமாக எழுத வேண்டும்.

ஆய்வுப் பிரிவுக்கு வருவோம், மொழிபெயர்ப்பில் அதிகம் கெட்டுப்போவது இதுதான். ஆங்கிலத்தில் உடைந்த அரிசி என்று இருப்பதை ‘நொய்’ என்றுதான் தமிழாக்க முடியும், வேறு சொல் செயற்கையாக இருக்கும். ஆனால் டெல்டாவில் நொய் என்றும் குருணை என்றும் சொல்லும்போது மனதில் வருவது சல்லடையில் கீழே விழும் பொடிசு. பாதியாக உடைந்த அரிசியை வீட்டில் யாரும் நொய் என்று ஒதுக்குவதில்லை. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் அரிசித் தரத்தின்படியோ முழு அரிசியின் சராசரி நீளத்தில் முக்கால் பங்குக்குக் குறைந்த எதுவும் உடைந்ததுதான். ஆலைக்காரர் தன் கணக்கில் 4 சதவீதம் நொய் என்று அனுப்பிய அரிசி, ஆய்வாளர் கையில் அதைவிட வெகுவாக மேலே போவதற்கு இதுவே போதும். எனவே ‘நொய், அதாவது முழு அரிசியின் சராசரி நீளத்தில் முக்காலுக்குக் குறைந்த துண்டு’ என்று முதல் இடத்திலேயே அளவோடு கட்டிவிட வேண்டும். மூல ஒப்பந்தத்தில் அந்த அளவே இல்லையென்றால் நானாகச் சேர்க்க எனக்கு உரிமை இல்லை. மொழிபெயர்ப்பாளர் விளக்கம் சொல்லப் புகுந்தால் ஒப்பந்தத்தைத் திருத்தியவர் ஆகிவிடுவார் என்ற மறுப்பு முழுக்கச் சரி. அப்போது செய்ய வேண்டியது, பிரதிக்கு வெளியே ஒரு குறிப்பெழுதி இரு தரப்பையும் கேட்பது. ரகசியமாகத் தெளிவாக்குவது தவறு, தெரிந்தே மங்கலாக விட்டுக் கையைக் கழுவுவதும் தவறு.

அடுத்து, எப்போது ஆய்வு? ‘ஏற்றும்போது’ என்ற சொல்லை நாம் லாரிக்கும் சொல்கிறோம், கன்டெய்னருக்கும் சொல்கிறோம், கப்பலுக்கும் சொல்கிறோம். ஆலையிலேயே கன்டெய்னரில் மூட்டைகளை அடைத்து முத்திரை வைத்தால் மாதிரி எடுக்கக்கூடிய இடம் ஆலைதான். கப்பலில் ஏற்றும் நேரத்தில் ஆய்வு என்று ஒப்பந்தம் சொன்னால் முத்திரையிட்ட கன்டெய்னரைத் துறைமுகத்தில் திறக்க வேண்டியிருக்கும். சான்றிதழில் ஆலையின் பெயரும் எல்.சி.யில் துறைமுகத்தின் பெயரும் நின்றால் வங்கி அதை முரண்பாடாகக் குறிக்கும். கன்டெய்னர் கப்பலேறும் முன்பே துறைமுக முனையத்தில் ஒப்படைக்கப்பட்டுவிடுவதால், கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யைவிட எஃப்.சி.ஏ. பொருத்தம் என்று வணிகச் சபையே சொல்கிறது. அதை வணிகர்கள் தீர்மானிக்கட்டும், தமிழில் அடைத்தல் வேறு, கப்பலேற்றுதல் வேறு என்று இரண்டு சொல் வைத்துக்கொள்வது நம் பொறுப்பு. ‘முடிவான ஆய்வு’ என்பதற்கு ‘இறுதி ஆய்வு’ என்று எழுதுவதும் இப்படிப்பட்டதே. கடைசியாக நடக்கும் ஆய்வு என்று படித்தால் கொழும்பில் இன்னொன்று நடக்கலாம் என்று ஆகும். இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஆய்வு என்று சொல்லிவிட வேண்டும்.

யார் ஆய்வாளர் என்பதும் பெயரோடு வர வேண்டும். எல்.சி.யில் ஒரு சுயேச்சையான அல்லது தகுதியுள்ள ஆய்வாளர் என்று மட்டும் இருந்தால், விற்பவரைத் தவிர யார் கையெழுத்திட்ட சான்றிதழையும் வங்கி ஏற்கலாம் என்கிறது யு.சி.பி. ‘சுயேச்சையான’ என்ற அழுத்தமான தமிழ்ச் சொல் வாங்குபவருக்கு இல்லாத பாதுகாப்பை இருப்பதாகக் காட்டும். எத்தனை ஆய்வாளர் என்பதும் அப்படித்தான். பத்தேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, லண்டனுக்கு வெனிலா வாங்கிய டாசன் நிறுவனம், நிபுணர்கள் தரும் தரச் சான்றிதழின் பேரில் பணம் கொடுக்கச் சொல்லி எல்.சி. திறந்தது. தந்திச் சங்கேதத்தில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே குறி. அங்கே அது ‘நிபுணர்’ என்று படிக்கப்பட்டது, ஒரே ஒருவரின் சான்றிதழின் பேரில் பணம் போனது. பெட்டியில் வந்தது பெரும்பாலும் குப்பை. பிரபுக்கள் சபை வரை போன அந்த வழக்கில், 1927ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது இருக்கிறது, இழப்பு வங்கியின் தலையில் விழுந்தது. அந்தச் சங்கேதம் செய்ததைத் தமிழ் இயல்பாகவே செய்யும். ‘மூன்று சான்றிதழ்’ என்றும் சொல்வோம், ‘சான்றிதழ் தர வேண்டும்’ என்று எண்ணே இல்லாமலும் சொல்வோம். எல்.சி. கேட்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் அசல் எத்தனை, நகல் எத்தனை, கையெழுத்து எத்தனை பேருடையது என்று எண்ணால் எழுதாத பிரதியை நான் முழுமையானதாகக் கொள்வதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் கேட்கலாம்: முரண் வந்தால் ஆங்கிலமே செல்லும் என்று கடைசிப் பிரிவில் இருக்கும்போது தமிழ்ப் பிரதி எதற்கு? வழக்கில் ஆங்கிலம் செல்லும், சந்தேகமில்லை. ஆனால் ஈரப்பதம் 14க்கு மேல் போகாமல் உலர்த்துவதும், 31ஆம் தேதி உட்படக் கப்பலேற்றுவதும், இன்வாய்ஸில் ஒரே பெயரைத் தட்டச்சு செய்வதும் வழக்குக்கு முன்னால் நடப்பவை. அந்த மூன்றையும் செய்பவர்கள் தமிழில் படிக்கிறார்கள். தமிழ்ப் பிரதியின் முதல் பக்கத்திலேயே ஆங்கிலமே செல்லும் என்ற வரியை மறைக்காமல் எழுதிவிடுவதும் நேர்மை.

ஆலை உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பந்தத்தை மட்டும் மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள், எல்.சி.யின் வரைவையும் வாங்குபவரிடம் கேட்டு வாங்கிக் கூடவே கொடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் சொற்களை ஒத்துப் பார்க்க முடியும். மாற்ற முடியாத எல்.சி. திறந்தபின் ஒரு சொல்லைத் திருத்த, திறந்த வங்கி, உறுதி கொடுத்த வங்கி இருந்தால் அது, நீங்கள் என எல்லோரும் சம்மதிக்க வேண்டும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் வங்கி கட்டணம் வாங்கும். வரைவில் அதே திருத்தத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.